வேண்டும்போது சுருக்கக்கூடிய உபதொழில்

நெசவாளர் சங்கங்களுக்குத் தணிக்கைக்காகச் செல்லும்போது அங்கத்தினர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தறியோடு சேர்த்துச் செய்ய ஏதாவது உபதொழில் சொல்லுங்கள், ஆனால் கையைச் சுடும் என்று தோன்றினால் உடனே நிறுத்திவிடக் கூடியதாக இருக்கவேண்டும்" என்பார்கள். எது அதிக லாபம் தரும் என்று கேட்பவரைவிட இவ்வாறு கேட்பவரே விவரம் அறிந்தவர் என்பது நமது கருத்து.

நிறுத்துவது என்றால் என்ன என்பதை நெசவாளருக்கு விளக்கவேண்டியதில்லை. பாவு பிணைத்தபின் நடுவில் நிறுத்தினால் அதில் போட்ட நூலும் உழைப்பும் முடங்கிக் கிடக்கும். பாவு முடிந்தபின் நிறுத்தினால் தறி சும்மா இருக்கும். அதற்குத் தீனி போடவேண்டியதில்லை. ஆகவே எந்தத் தொழிலானாலும் நாம் இரண்டைக் கேட்கவேண்டும். அதன் ஒரு பாவு எத்தனை நாள்? தறி சும்மா இருக்கும் நாளில் அது நம்மிடம் காசு கேட்குமா?

கறவை மாடு கேட்கும். பால் வற்றிய மாதங்களிலும் அது தின்றே தீரும். பாதி மாட்டை விற்கவும் இயலாது. ஆடானால் ஒன்று இரண்டாகக் கழித்துக்கொள்ளலாம். இவ்விரண்டையும் விட எளிதில் சுருங்குவது சிப்பிக் காளான் வளர்ப்பு என்பதை ஈரோடு மாவட்டத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் நேரில் கண்டோம்.

அவர்களுடைய முறையில் புதுமை ஒன்றுமில்லை. வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, பிறகு ஒரு மணி நேரம் வெந்நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்துகிறார்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. உள்ளங்கையில் ஈரம் மட்டும் தெரியவேண்டும். அதுதான் பதம். பாலிதீன் பையில் வைக்கோல் ஒரு அடுக்கு, காளான் வித்து ஒரு அடுக்கு என மாற்றி மாற்றி நிரப்பிக் கட்டி, பக்கங்களில் துளையிட்டுத் தொங்கவிடுகிறார்கள். ஒரு வித்துப் பொட்டலத்தில் இரண்டு படுக்கைகள் போடலாம். பதினைந்து முதல் இருபது நாளில் பை முழுதும் வெண்ணிறமாக இழை ஓடிவிடும். பிறகு பையைக் கிழித்து ஈரங் காட்டினால் சில நாளில் மொட்டு வரும். மூன்று முறை பறித்தபின், ஏறக்குறைய 45-ஆம் நாள், படுக்கையின் ஆயுள் முடிகிறது. அரைக் கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு அரைக் கிலோ காளானை எதிர்பார்க்கலாம்.

இக்குடும்பத்தார் மூன்று நாளைக்கு ஒருமுறை நான்கு படுக்கைகள் போட்டு வந்தனர். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் உருவத்தைக் காண்பதற்காக, ஒரு படுக்கைக்கு ரூ.40 செலவு என்றும், காளான் கிலோ ரூ.150-க்கு விலைபோகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு படுக்கைக்கு ரூ.160 செலவு, இரண்டு கிலோவுக்கு ரூ.300 வரவு, மீதி ரூ.140. மாதத்தில் பத்து முறைக்கு ரூ.1,400. இது சொந்த உழைப்புக்குக் கூலி போடாத கணக்கு என்பதை மறக்கக்கூடாது. குடும்பத்தைத் தாங்கும் வருமானம் இதுவல்ல.

இப்போது நஷ்டத்தின் கணக்கைப் பார்ப்போம். 45 நாளில் பதினைந்து முறை போட்டால் கொட்டகையில் ஒரே சமயத்தில் 60 படுக்கைகள் தொங்கும். அவற்றின் மொத்தச் செலவு ரூ.2,400. பச்சைப் பூஞ்சணம் பிடித்து அத்தனையும் பாழானாலும் அதற்குமேல் போக வழியில்லை. பாதிப் படுக்கைகள் முன்பே பலன் தந்திருக்குமாதலால் உண்மை நஷ்டம் இன்னும் குறையும். நிறுத்துவதென்று முடிவுசெய்தால் அடுத்த வித்துப் பொட்டலத்தை வாங்காமல் இருந்தால் போதும். முன்பு போட்டவை மேலும் ஒன்றரை மாதம் பலன் கொடுத்துக்கொண்டே ஓயும். வித்தை வாங்கி வைத்துக்கொண்டு யோசிப்பதுதான் தவறு. ஒரு மாதத்துக்கு மேல் வைத்த வித்து வீரியம் குன்றிவிடும்.

சுருக்குவதில் ஒரு நுட்பம் உண்டு. இக்குடும்பத்தார் முதலில் நான்கு படுக்கையை இரண்டாகக் குறைத்தார்கள். வைக்கோலும் வித்தும் பையும் பாதியாயின. ஆனால் அடுப்பு விறகும், வித்து வாங்கிவரும் பஸ் கட்டணமும் பாதியாகவில்லை. பிறகு வீட்டு அம்மாள் யோசித்து, நான்கு படுக்கைகளையே ஆறு நாளைக்கு ஒருமுறை போடலானார். விறகும் பயணமும் சேர்ந்தே குறைந்தன.

எப்போது சுருக்குவது என்பதற்கும் அவர் ஒரு அடையாளம் வைத்திருந்தார். மாலையில் விற்காமல் மிஞ்சுவது மூன்று பறிப்புகளில் தொடர்ந்தால் அடுத்த பொட்டலம் வாங்குவதில்லை. மிஞ்சியதை வெயிலில் உலர்த்தலாம். பத்துக் கிலோ ஒரு கிலோவாகும். மழைக்காலத்தில் அதுவும் நடவாது.

இத்தொழில் தறிக்குப் பொருந்துவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறியில் நீர் ஊறும்; தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது. அந்த ஈரத்திலும் குளிர்ச்சியிலும் காளான் நன்றாக வரும். சித்திரை, வைகாசியில் வெப்பத்தால் காளான் சுருங்கும்போது பாவு வேலைக்குத் தடையில்லை. ஆண்டில் இரண்டு மாதம் கொட்டகையைக் காலிசெய்து, சுண்ணாம்படித்து உலரவிடுவது ஈயையும் பூஞ்சணத்தையும் ஒழிக்க அவசியமும் ஆகும். ஆனால் தறிக்கூடத்தில் மட்டும் படுக்கை கட்டக்கூடாது. ஈரத்தால் நூல் பூசணம் பிடிக்கும். முதிர்ந்த காளானின் வித்துத் தூள் மூச்சில் ஏறி இருமலைத் தரும். படுக்குமிடத்துக்கும் இது பொருந்தும். குடையின் விளிம்பு மேல்நோக்கி மடங்குமுன் பறித்துவிடவேண்டும்.

இதே ஊரில் இன்னொரு அங்கத்தினர் இதே காளானில் நொந்துபோனார். அவர் ரூ.1 லட்சம் கடன் வாங்கிப் புதுக் கொட்டகை போட்டு, நீர்த்தூவிகள் பொருத்தினார். வித்தும் வைக்கோலும் ஒன்றே; பறித்ததும் நன்றாகவே இருந்தது. கோடையில் காளான் நின்றது, மாதம் ரூ.3,000-க்கு மேற்பட்ட தவணை நிற்கவில்லை. தவணைக்காக வெப்பத்திலும் படுக்கை போட்டார், அவை கெட்டன. சுருக்கவேண்டிய சமயத்தில் பெருக்கினார். ஏனெனில் அவருடைய கொட்டகைக்குத் தீனி தேவைப்பட்டது, கறவை மாட்டைப்போலவே. பழைய கொட்டகையில் சாக்கு நனைத்துத் தொங்கவிட்டு ஓராண்டு பார்த்திருந்தால் அத்தொல்லை நேர்ந்திராது.

இதில் நம்மைப் போன்ற ஆய்வாளர்களின் பங்கையும் ஒளிக்கக்கூடாது. ரூ.5,000 கேட்டு வருபவரின் மனுவைவிட, திட்ட அறிக்கையும் கொட்டகை வரைபடமும் கொண்டுவருபவரின் மனு நம் மேசையில் எளிதாக நகர்கிறது. பெரிய தொகை கோப்பில் அழகாக நிற்கும். அந்த ரூ.1 லட்சத்துக்கான பரிந்துரையில் நமது கையொப்பமும் இருந்தது.

அவர் இப்போது நீர்த்தூவிகளை விற்றுக் கடனில் ஒரு பகுதியை அடைத்துவிட்டார். கொட்டகையைப் பாவு நூல் வைக்க வாடகைக்கு விட்டிருக்கிறார். முதற்சொன்ன குடும்பத்தார் பங்குனியில் நிறுத்தினர். பழைய வைக்கோல் பக்கத்துத் தோட்டத்து எருக்குழிக்குச் சென்றது. ஆடியின் இறுதியில் நாம் மறுபடி சென்றபோது அந்த அம்மாள் இரண்டு வித்துப் பொட்டலங்களுக்கு மட்டும் சொல்லியனுப்பியிருந்தார்.