பாட்டு ஏன் வலது கதவில் ஒட்டிக்கொள்கிறது?

புது ஸ்பீக்கர், புது ஆம்ப்ளிஃபையர், டிக்கியில் ஒரு சப்வூஃபர் என்று எல்லாம் மாட்டியாயிற்று. பாட்டைப் போட்டால் பாடகர் மட்டும் ஓட்டுநரின் வலது முழங்கால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாடுகிறார். வயலின்கள், கோரஸ், தபேலா எல்லாமே அந்தக் கதவுக்குள்தான். இடது பக்க ஸ்பீக்கர் பாடுகிறதா என்று குனிந்து காதை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதுவும் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருக்கும்.

பழுது ஸ்பீக்கரில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. வீட்டில் ஸ்டீரியோ கேட்பவர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் உட்காரலாம். காரில் ஓட்டுநர் எப்போதும் ஓரத்து ஆள்தான். நம் ஊர் ஹேட்ச்பேக் ஒன்றில் ஓட்டுநரின் தலையிலிருந்து வலது கதவு ஸ்பீக்கர் 93 சென்டிமீட்டர், இடது கதவு ஸ்பீக்கர் 144 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 51 சென்டிமீட்டர். ஒலி ஒரு மில்லி நொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். ஆகவே இடது பக்கத்து ஒலி ஒன்றரை மில்லி நொடி தாமதமாக வந்து சேர்கிறது.

ஒன்றரை மில்லி நொடி ஒரு தாமதமா என்று தோன்றும். காதுக்கு அது மிகப் பெரிய தாமதம். ஒரு சத்தம் நேர் பக்கவாட்டிலிருந்து வந்தால்கூட, அது ஒரு காதைத் தொட்டு மறு காதைத் தொட 0.7 மில்லி நொடிக்கு மேல் ஆகாது. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. ஒரே சத்தம் இரண்டு இடங்களிலிருந்து முன்பின்னாக வந்தால், முதலில் வந்தது எங்கிருந்து வந்ததோ அங்கேதான் மொத்தமும் இருக்கிறது என்று அது முடிவுகட்டிவிடும். 1949-இல் ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் இதை ஆராய்ந்து எழுதினார். அதே ஆண்டு அமெரிக்காவில் வாலக், நியூமன், ரோசன்ஸ்வைக் மூவரும் இதையே காட்டினார்கள். காரில் எப்போதும் முந்திக்கொள்வது வலது கதவு.

பலர் முதலில் கை வைப்பது பேலன்ஸ் குமிழில். இடது பக்கம் திருப்பினால் இடது ஸ்பீக்கர் சத்தமாகப் பாடும், ஆனால் அதன் ஒலி சீக்கிரம் வந்துவிடாது. குரல் நடுவுக்கு வருவதற்குப் பதில் கண்ணாடி முழுக்கப் பரவி, எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாமல் போகும். இன்னொரு நட்டமும் உண்டு. ஒன்றரை மில்லி நொடி இடைவெளியில் 333 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்து ஒலியலைகள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். குரலின் கனம் இருக்கிற இடம் அது.

இங்கேதான் டி.எஸ்.பி. எனப்படும் ஒலிச் செயலி வருகிறது. அது செய்வது எளிய வேலை: கிட்டே இருக்கும் ஸ்பீக்கரைக் காத்திருக்க வைக்கிறது. தொலைவில் இருப்பதை யாராலும் முந்தி வரச் செய்ய முடியாது. கிட்டே இருப்பதைத் தாமதப்படுத்தலாம். இதற்கு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செயலியில் தனி வழி இருக்க வேண்டும். ட்வீட்டரும் கதவு ஸ்பீக்கரும் ஒரே வயரில் தொங்கினால் அவற்றைத் தனித்தனியே நகர்த்த முடியாது.

அதே ஹேட்ச்பேக்கில் டேப் பிடிப்போம். வழக்கமாக ஓட்டும் நிலையில் சீட்டை வைத்து, ஓட்டுநரின் தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் நடு வரைக்கும் அளக்க வேண்டும். டிக்கி சப்வூஃபர் 178 சென்டிமீட்டர். அதுதான் எல்லாவற்றிலும் தொலைவு, எனவே அதற்குத் தாமதம் சுழி. இடது கதவு அதைவிட 34 சென்டிமீட்டர் கிட்டே இருக்கிறது, அதற்கு 1 மில்லி நொடி. வலது கதவு 85 சென்டிமீட்டர் கிட்டே, அதற்கு 2.5. ட்வீட்டர்களுக்கும் இதே கணக்கு: 136 சென்டிமீட்டரில் இருக்கும் இடதுக்கு 1.24, 85-இல் இருக்கும் வலதுக்கு 2.74. சில செயலிகள் தாமதத்தைக் கேட்காமல் தூரத்தையே கேட்கும், கழித்தல் வகுத்தலை அவையே செய்துகொள்ளும். எதைக் கேட்கிறது என்று பார்க்காமல் எண்ணைத் தட்டினால் கணக்கு தலைகீழாகி, பாடகர் வலது கதவுக்குள் இன்னும் ஆழமாகப் போய்விடுவார்.

டேப் ஆரம்பம்தான், மிச்சம் காதின் வேலை. அதற்குச் சிறந்த கருவி பழைய பாட்டு. 1950களின் தமிழ்ப் படப் பாடல்கள் மோனோ பதிவுகள். இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான் என்பதால், சீரமைத்த காரில் பாட்டு முழுவதும் கண்ணாடிக்கு முன்னால் ஒரே இடத்தில் குவிய வேண்டும். பின்னால் சேர்த்த செயற்கை ஸ்டீரியோ வடிவம் மட்டும் வேண்டாம். ட்வீட்டர்களை அணைத்துவிட்டு முதலில் கதவு ஜோடி. வலது கதவின் தாமதத்தைப் படிப்படியாகக் கூட்டினால் குரல் வலமிருந்து நகர்ந்து நடுவுக்கு வருவது நன்றாகத் தெரியும். பல செயலிகளில் ஒரு படி என்பது 0.02 மில்லி நொடி, அதாவது 7 மில்லிமீட்டர்தான். அடுத்து ட்வீட்டர் ஜோடி. கிட்டே இருப்பது சத்தமாகவும் கேட்கும் என்பதால் வலது பக்கத்தை 2 அல்லது 3 டெசிபல் குறைப்பதும் இதோடு சேர்ந்தது. உச்ச ஸ்தாயியில் திசையைக் காட்டுவது நேரத்தைவிட இந்தச் சத்த வித்தியாசம்தான்.

என்ன செய்தாலும் குரல் ஒரு புள்ளியில் நிற்காமல், பேஸும் வற்றிப்போயிருந்தால் தாமதத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு கதவின் பிளஸ், மைனஸ் வயர்கள் மாறியிருக்கும். ஒரு பக்கத்தின் போலாரிட்டியைச் செயலியில் திருப்பிப் பார்த்தால் உடனே விளங்கிவிடும்.

சப்வூஃபர்தான் தொல்லை. கீழ் ஸ்தாயியை மட்டும் பிரித்தனுப்பும் ஃபில்டரே தன் பங்குக்குச் சில மில்லி நொடிகளைச் சாப்பிட்டுவிடுகிறது. டேப் காட்டிய 178-ஐ நம்பினால் பேஸ் பின்னாலிருந்து தாமதமாக உதைப்பதுபோல் கேட்கும். அனுபவமுள்ளவர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். சப்வூஃபரின் போலாரிட்டியை வேண்டுமென்றே தலைகீழாக்கி, இரண்டும் சந்திக்கும் 80 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைப் போட்டு, முன் ஸ்பீக்கர்கள் நான்கின் தாமதத்தையும் ஒரே அளவில் கூட்டிக்கொண்டே போவார்கள். பேஸ் எங்கே மிகவும் மெலிகிறதோ அங்கே நிறுத்தி, போலாரிட்டியைப் பழையபடி திருப்பிவிடுவார்கள். எதிர்த்து நிற்கும்போது மெலிந்த இடமே சேரும்போது நிறையும் இடம்.

இத்தனைக்கும் விலை கொடுப்பவர் பக்கத்து சீட்டுக்காரர். அவருக்கு இடது கதவு ஏற்கெனவே கிட்டே. வலது கதவையோ நாம் இன்னும் தாமதப்படுத்தியிருக்கிறோம். ஒன்றரை மில்லி நொடியாக இருந்த கோணல் அவருக்கு 3 ஆகிறது. இரண்டு சீட்டுக்கும் சரியாக வரும் ஒரே தாமதக் கணக்கு கிடையாது. செயலியில் இரண்டு மெமரி வைத்து, ஒன்றை ஓட்டுநருக்கும் தாமதமில்லாத இன்னொன்றைக் குடும்பப் பயணத்துக்கும் ஒதுக்குவதுதான் நியாயம். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் கதவுத் தகடு அதிர்வதையும் எந்தத் தாமதமும் சரிசெய்யாது.

கடையில் காசு கொடுத்து இந்த வேலையைச் செய்தால், வண்டியை எடுக்கும் முன் டிலே பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வலது பக்கத்தில் சுழியும் இடது பக்கத்தில் பெரிய எண்ணும் இருந்தால் சாவியை வாங்காதீர்கள், திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.