உங்களுக்குத் தெரியுமா? லேனா தூங்கிப்போன ரயில்

● ஜெர்மன் மொழியில் நேற்று நடந்ததைச் சொல்ல இரண்டு இறந்தகாலங்கள் உண்டு. நாவலிலும் தேவதைக் கதையிலும் செய்தித்தாளிலும் வருவது ப்ரெடேரிட்டும். அதில் ஒரே வினைச்சொல் வேலையை முடித்துவிடும். வீட்டிலும் கடையிலும் தொலைபேசியிலும் பெரும்பாலும் கேட்பது பெர்ஃபெக்ட். அதற்கு இரண்டு சொற்கள் வேண்டும்: ஒரு துணைவினை, ஓர் எச்சம். துணைவினை ‘ஹாபென்’ அல்லது ‘ஸைன்’. ஹாபென் என்றால் வைத்திருப்பது, ஸைன் என்றால் இருப்பது. ஜெர்மன் படிக்கத் தொடங்குபவர்களுக்கு எழுதப்படும் குட்டிக் கதைகள் பலவும் பெர்ஃபெக்டில் ஓடுவதற்குக் காரணம் இதுதான். ஊருக்குப் போய் வந்தவள் அம்மாவிடம் எப்படிச் சொல்வாளோ, அந்தப் பேச்சு நடையில் கதை நடக்கிறது.

● தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து வட்டார வழக்குகளில் அந்த ஒற்றைச்சொல் இறந்தகாலம் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் தொடங்கிய மாற்றம் அது. பவேரியக் கிராமத்துப் பாட்டி தன் வாழ்க்கைக் கதை முழுவதையும் பெர்ஃபெக்டிலேயே சொல்லிவிடுவார். ‘இருந்தது’ என்னும் பொருள் தரும் ‘வார்’ போன்ற ஓரிரு சொற்களே பழைய வடிவில் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

● அப்படி ஒரு குட்டிக் கதையைப் பார்ப்போம். லேனா மியூனிக்கில் இருக்கிறாள். சனிக்கிழமை காலை ஆக்ஸ்பர்க்கில் உள்ள பாட்டியைப் பார்க்கக் கிளம்புகிறாள். கீழே வரும் ‘கெ’ எல்லாவற்றையும் கெட்டிமேளத்தின் ‘கெ’ போலச் சொல்லிப் படியுங்கள். ‘ஹாட்’, ‘இஸ்ட்’ இரண்டும் ஹாபென், ஸைன் ஆகியவற்றின் ‘அவள்’ வடிவங்கள்.

லேனா இஸ்ட் உம் ஸீபென் ஊர் அவுஃப்கெஷ்டாண்டென். (லேனா ஏழு மணிக்கு எழுந்தாள்.)
ஸீ ஹாட் காஃபே கெகோஹ்ட். (காபி போட்டாள்.)
ஸீ ஹாட் ஐன் ப்ரோட் கெகெஸென். (ஒரு ரொட்டி சாப்பிட்டாள்.)
ஸீ இஸ்ட் ட்ஸும் பான்ஹோஃப் கெகாங்கென். (ரயில் நிலையத்துக்கு நடந்து போனாள்.)
ஸீ ஹாட் ஐனெ ஃபார்கார்டெ கெகவுஃப்ட். (டிக்கெட் வாங்கினாள்.)
இம் ட்ஸூக் இஸ்ட் ஸீ ஐன்கெஷ்லாஃபென். (ரயிலில் கண்ணயர்ந்துவிட்டாள்.)
ஸீ ஹாட் டீஃப் கெஷ்லாஃபென். (நன்றாகத் தூங்கினாள்.)
ஸீ ஹாட் ஈரெ ஷ்டாட்ஸியோன் ஃபெர்ஷ்லாஃபென். (தூக்கத்தில் தன் நிலையத்தைத் தவறவிட்டாள்.)
ஸீ இஸ்ட் இன் உல்ம் அவுஃப்கெவாஹ்ட். (உல்ம் நகரில் விழித்தாள்.)
ஸீ ஹாட் மிட் ஓமா டெலெஃபோனீர்ட். (பாட்டியிடம் போனில் பேசினாள்.)
ஓமா ஹாட் கெலாஹ்ட். (பாட்டி சிரித்தார்.)
டான் இஸ்ட் ஸீ நாஹ் அவுக்ஸ்பூர்க் கெஃபாரென். (பிறகு ஆக்ஸ்பர்க்குக்குப் பயணமானாள்.)
ஓமா ஹாட் அம் பான்ஹோஃப் கெவார்டெட். (பாட்டி ரயில் நிலையத்தில் காத்திருந்தார்.)
லேனா இஸ்ட் பிஸ் ஸொன்டாக் கெப்லீபென். (லேனா ஞாயிறு வரை தங்கினாள்.)

உல்ம் கதைக்காகச் சும்மா சேர்த்த ஊர் அல்ல. மியூனிக்கிலிருந்து மேற்கே போகும் பாதையில் ஆக்ஸ்பர்க்கைத் தாண்டி வரும் நகரம் அது. ஐன்ஸ்டைன் 1879-இல் பிறந்த ஊர்.

● பதினான்கு வாக்கியங்களில் இஸ்ட் ஆறு முறை, ஹாட் எட்டு முறை வருகின்றன. எந்த இடத்தில் எது? வகுப்பில் முதலில் சொல்லித்தருவது ‘இடம் மாறினால் ஸைன், இல்லையென்றால் ஹாபென்’ என்ற சூத்திரம். போனாள், பயணமானாள் என்பவற்றுக்கு அது பொருந்துகிறது. ரயில் இருக்கையில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தவள் எங்கே இடம் மாறினாள்? இருந்தும் அங்கே இஸ்ட் வருகிறது. அடுத்த வரியில் அதே தூக்கம்தான், ஆனால் ஹாட்! இந்த இரண்டு வரிகளை அடுத்தடுத்து வைத்ததால்தான் இந்தக் கதை ஒரு பக்கச் சூத்திரத்தைவிட நன்றாகப் பாடம் சொல்கிறது.

கண்ணயர்வது ஒரு மாற்றம். விழித்திருந்தவள் தூங்குகிறவள் ஆகிவிட்டாள். அதனால் ஸைன். தூங்குவது மாற்றமில்லாமல் நீளும் நிலை, அதனால் ஹாபென். விழிப்பது மறுபடியும் மாற்றம், ஆகவே உல்மில் இஸ்ட். மூன்றாவதாக வரும் ‘ஃபெர்ஷ்லாஃபென்’ தூங்கித் தவறவிடுவது. அங்கே தவறவிடப்பட்ட பொருள் ஒன்று இருக்கிறது, அதாவது நிலையம். ‘எதை?’ என்று கேட்டால் பதில் வருகிற வினைகளுக்குப் பெரும்பாலும் ஹாபென்தான்.

● இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஜெர்மனில் ‘அவள் டிக்கெட் வாங்கினாள்’ என்னும் அமைப்பு, ‘வாங்கப்பட்ட டிக்கெட்டை அவள் வைத்திருக்கிறாள்’ என்ற நேர்ப்பொருளில் இருந்தது. எச்சம் அப்போது டிக்கெட்டை வருணிக்கும் பெயரடை. வைத்திருக்கப் பொருள் ஒன்று வேண்டும், எனவே ஹாபென். ‘அவள் எழுந்தாள்’ என்பதில் எச்சம் அவளையே வருணித்தது. எழுந்த நிலையில் அவள் இருக்கிறாள், எனவே ஸைன். சிரிப்பதும் தூங்குவதும் இந்த இரண்டிலும் அடங்காதவை. காலப்போக்கில் ஹாபென் பரவி அவற்றையும் சேர்த்துக்கொண்டது.

அந்தப் பழைய பொருள் இன்றும் ஒரு சோதனைக்கு உதவுகிறது. எச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைத்து, அந்தச் செயலைச் செய்தவரையே வருணித்துப் பாருங்கள். ‘கண்ணயர்ந்த பெண்’ என்று அந்த எச்சத்தை வைத்து ஜெர்மனில் சொல்லலாம். ‘கெஷ்லாஃபென்’ என்பதை வைத்து ‘தூங்கிய பெண்’ என்று சொல்ல முடியாது. நிலைமாற்ற வினைகளுக்கு இந்தச் சோதனை நன்றாக வேலை செய்யும். ‘கெகாங்கென்’ போன்ற வெறும் நடையைக் குறிக்கும் எச்சங்களுக்கு இதை நம்பவேண்டாம்.

● கடைசி வரியைப் பாருங்கள். தங்கினாள் என்பதில் இடமும் மாறவில்லை, நிலையும் மாறவில்லை. அதற்கும் இஸ்ட்தான். ‘ப்ளைபென்’ (தங்குவது), ‘ஸைன்’ (இருப்பது) ஆகிய இரண்டும் மேலே சொன்ன தர்க்கத்துக்கு வெளியே நிற்கின்றன. இவற்றை மனப்பாடம் செய்வதே வழி. நல்ல ஆசிரியர்கள் கதையின் முடிவில் யாரையாவது எங்கேயாவது தங்கவைப்பார்கள்.

● ஒரே வினை இரண்டு துணைவினைகளையும் எடுக்கலாம். லேனா காரில் போனாள் என்றால் ‘ஸீ இஸ்ட் மிட் டெம் அவுட்டோ கெஃபாரென்’. லேனா காரை ஓட்டினாள் என்றால் ‘ஸீ ஹாட் டாஸ் அவுட்டோ கெஃபாரென்’. எச்சம் ஒன்றே. காரை ‘எதை’ என்ற இடத்துக்குக் கொண்டுவந்ததும் ஹாட் வந்துவிடுகிறது. நடனமும் அப்படித்தான். நடனமாடினாள் என்றால் ஹாட். ஆடிக்கொண்டே கூடத்தைக் கடந்தாள் என்றால் இஸ்ட்.

● ‘கெகெஸென்’ என்பதில் ஏன் இரண்டு ‘கெ’? சாப்பிடுவது ‘எஸென்’. முன்னொட்டான ‘கெ’ சேர்ந்தால் ‘கெயெஸென்’ என்று வந்திருக்கவேண்டும். இடைக்கால ஜெர்மனில் அது சுருங்கிக் ‘கெஸென்’ ஆனது. பின்னால் வந்தவர்கள் காதுக்கு அதில் முன்னொட்டு இருப்பதே தெரியவில்லை. மேலே இன்னொரு ‘கெ’ ஏறிக்கொண்டது. இன்று அதுவே சரியான வடிவம்.

● ‘டெலெஃபோனீர்ட்’டிலும் ‘ஃபெர்ஷ்லாஃபென்’னிலும் ‘கெ’ இல்லை, கவனித்தீர்களா? பாடநூல்கள் இதற்கு முன்னொட்டுப் பட்டியல் ஒன்று தரும். காதால் பிடிக்கும் வழி அதைவிட எளிது. அழுத்தம் முதல் அசையில் விழும் வினைகளுக்குத்தான் ‘கெ’ வரும். ‘ஷ்லாஃபென்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில், அதனால் ‘கெஷ்லாஃபென்’. ‘ஃபெர்ஷ்லாஃபென்’ என்பதில் அது இரண்டாம் அசைக்குப் போய்விட்டது. ‘டெலெஃபோனீரென்’ என்பதிலோ ‘நீ’யில்தான் விழுகிறது. இரண்டுக்கும் ‘கெ’ கிடையாது. ‘அவுஃப்’, ‘ஐன்’ போன்று பிரிந்து நிற்கக்கூடிய முன்னொட்டு உள்ள வினைகளில் மட்டும் ‘கெ’ நடுவில் நுழைகிறது: அவுஃப்-கெ-ஷ்டாண்டென், ஐன்-கெ-ஷ்லாஃபென். வினையை அழுத்தத்தோடு வாய்விட்டுச் சொல்லிக் கற்றவர் இங்கே தடுமாறுவதில்லை. கண்ணால் மட்டும் படித்தவர் ‘கெடெலெஃபோனீர்ட்’ என்று எழுதிவிடுவார்.

● லேனா இருக்கையில் ‘உட்கார்ந்திருந்தாள்’ என்று ஒரு வரி சேர்த்தால்? வடக்கே ஹாம்பர்க்கில் அதற்கு ஹாட். மியூனிக்கிலும் வியன்னாவிலும் இஸ்ட். நிற்பதும் படுத்திருப்பதும் இப்படியே. தெற்கத்தி வடிவம் பிழை அல்ல, அது அங்குள்ள வழக்கு. ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்கவேண்டாம்.

● தமிழ் அறிந்தவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. முதன்மை வாக்கியத்தில் ஹாட், இஸ்ட் இரண்டாம் இடத்தில் நிற்கும், எச்சம் கடைசிக்குப் போகும். இடையில் எத்தனை சொல் வந்தாலும் எச்சம் வரும்வரை என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாது. இறுதிவரை வினைக்குக் காத்திருப்பது நமக்குப் பழகிய விஷயம். ‘ஏனென்றால்’ என்னும் பொருள் தரும் ‘வைல்’ முன்னால் வந்தால் துணைவினையும் கடைசிக்கு ஓடிவிடும்: ‘வைல் ஸீ நாஹ் அவுக்ஸ்பூர்க் கெஃபாரென் இஸ்ட்’. முதலில் எச்சம், அதன்பின் துணைவினை. ‘போய் + இருக்கிறாள்’ என்பதில் உள்ள அதே வரிசை! தமிழில் ‘இரு’ ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். ஜெர்மனில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். நமக்கு உழைப்புத் தேவைப்படுவது வரிசையில் அல்ல, அந்தத் தேர்வில்தான்.

● எச்சம் யாருக்காகவும் மாறாது. அவள், அவன், நாங்கள், நீங்கள் என்று யார் வந்தாலும் ‘கெகாங்கென்’ கெகாங்கென்தான். மாறுவது துணைவினை மட்டும். எனவே லேனாவின் கதையை இன்றே உங்கள் கதையாக்கிப் பாருங்கள். லேனாவும் ‘ஸீ’யும் வரும் இடத்தில் ‘நான்’ எனப்படும் ‘இஷ்’ வையுங்கள். அங்குள்ள ஹாட் எல்லாம் ‘ஹாபெ’ ஆகட்டும், இஸ்ட் எல்லாம் ‘பின்’ ஆகட்டும், ‘ஈரெ’ மட்டும் ‘மைனெ’ ஆகட்டும். பாட்டியின் இரண்டு வரிகளையும் அப்படியே விட்டுவிடுங்கள். வரிக்கு வரி வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐன்கெஷ்லாஃபென் வரும் இடத்தில் நாக்கு தானாக ‘பின்’ என்றும், அடுத்த வரியில் தானாக ‘ஹாபெ’ என்றும் சொல்லும்வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.