கூட்டல் சரிதான், 314 பாயின்ட் எங்கே?

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்ததும் கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி இரண்டையும் பார்ப்போம். அதே தாளில் ரிவார்ட் பாயின்ட்டுக்கென்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதில் பெரும்பாலும் ஐந்து எண்கள் இருக்கும்: முன் இருப்பு, இந்த மாதம் சேர்ந்தது, பயன்படுத்தியது, காலாவதியானது அல்லது திருத்தப்பட்டது, இறுதி இருப்பு. முன் இருப்போடு சேர்ந்ததைக் கூட்டி, மற்ற இரண்டையும் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும்.

அநேகமாக எப்போதும் வரும். அந்தக் கணக்கைப் போடுவது கணினி. கூட்டல் கழித்தலில் அது தவறுவது அரிது. ஆகவே கூட்டிப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று தாளை மூடிவைப்பவர் உண்மையில் எதையும் சரிபார்க்கவில்லை. தவறு இருந்தால் அது வரிகளுக்குள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் இருக்கும் எண் எப்படி வந்தது என்று நாமே தனியாகப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

விளக்கத்துக்காக ஒரு ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொள்வோம். 2025 மே 16 முதல் ஜூன் 15 வரையிலான கணக்கு. கார்டின் விதி: 150 ரூபாய்க்கு 2 பாயின்ட், பெட்ரோலுக்குப் பாயின்ட் இல்லை, வரவு வைத்த நாளிலிருந்து 24 மாதத்தில் பாயின்ட் காலாவதியாகும், பயன்படுத்தும்போது பழைய பாயின்ட்தான் முதலில் கழியும். கட்டத்தில் இருப்பவை இவை:

முன் இருப்பு 6,420
சேர்ந்தது 412
பயன்படுத்தியது 2,500
திருத்தம் / காலாவதி 386
இறுதி இருப்பு 3,946

கணக்குக் கூடுகிறது. சென்ற மாதத்துத் தாளின் இறுதி இருப்பும் 6,420தான் என்று பார்த்துக்கொண்டால் முதல் வரி முடிந்தது. இரண்டு தாள்களுக்கு நடுவே எண் மாறியிருந்தால் ஏதோ ஒரு திருத்தம் எந்தத் தாளிலும் காட்டாமல் நடந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது மேலே போகாமல் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது சேர்ந்த வரி. அந்த மாதச் செலவுகள்: மளிகை 3,480, ஜவுளிக்கடை 12,650, மருந்து 1,140, மின்கட்டணம் 2,870, இணையத்தில் வாங்கிய கைபேசி 10,950, பெட்ரோல் 2,000. மொத்தம் 33,090 ரூபாய். அதை 150ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் இரண்டால் பெருக்கினால் 440 பாயின்ட் வருகிறது. வங்கி தந்திருப்பது 412. 28 பாயின்ட் குறைகிறதே என்று உடனே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு. இங்கே வங்கிதான் சரி.

பெட்ரோலுக்குப் பாயின்ட் கிடையாது என்பதால் 26 போய்விடுகிறது. மீதி இரண்டுக்குக் காரணம், பாயின்ட்டை மொத்தச் செலவுக்குக் கணக்கிடுவதில்லை. ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு, 150 ரூபாய் நிறையாத மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள். 1,140 ரூபாய் மருந்து பில்லில் ஏழு முழு 150 இருக்கிறது. அதற்கு 14 பாயின்ட். மீதமுள்ள 90 ரூபாய்க்கு ஒன்றும் இல்லை. இப்படிப் போட்டால் மளிகைக்கு 46, ஜவுளிக்கு 168, மருந்துக்கு 14, மின்கட்டணத்துக்கு 38, கைபேசிக்கு 146. மொத்தம் சரியாக 412. எதற்குப் பாயின்ட் உண்டு, எதற்கு இல்லை என்பது கார்டுக்குக் கார்டு மாறும். வீட்டு வாடகை, வாலட்டில் பணம் போடுவது போன்றவற்றைப் பல வங்கிகள் விலக்கிவைத்திருக்கின்றன. மின்கட்டணத்தைக்கூடச் சில கார்டுகள் சேர்ப்பதில்லை. வாங்கியதைத் தவணைக்கு மாற்றினாலும் கொடுத்த பாயின்ட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கார்டுகள் உண்டு. ஆகவே விதிமுறைத் தாளை ஒருமுறை பொறுமையாகப் படித்து, விலக்குப் பட்டியலை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்டேட்மென்ட் மூடும் நாளையொட்டி வாங்கியவை குழப்பும். ஜூன் 14 அன்று கார்டைத் தேய்த்தது கணக்கில் ஏறுவது 16 அல்லது 17ஆக இருக்கலாம். அதன் பாயின்ட் அடுத்த தாளில் வரும். பண்டிகைக்கால போனஸ் பாயின்ட் இன்னும் தாமதமாகும். அதற்குச் சலுகை அறிவிப்பில் தனியாக ஒரு கெடு சொல்லியிருப்பார்கள்.

பயன்படுத்திய வரி எளிது. மே 28 அன்று 2,500 பாயின்ட் கொடுத்து ஒரு வவுச்சர் வாங்கியாயிற்று. பாயின்ட்டுக்கு 25 காசு மதிப்பு என்றால் அது 625 ரூபாய் வவுச்சர். மின்னஞ்சலில் வந்த வவுச்சரின் தொகையோடு ஒப்பிட்டால் போதும். சில வங்கிகள் இதற்கென்று ஒரு கட்டணமும் ஜிஎஸ்டியும் வாங்குகின்றன. அது பாயின்ட் கட்டத்தில் தெரியாது, பணக் கணக்கில்தான் ஏறியிருக்கும்.

எனக்கு எப்போதும் சந்தேகம் வருவது நான்காவது வரியில்தான். Adjusted/Lapsed என்று ஒரே தலைப்பில் அச்சிடும் வங்கிகள் இருக்கின்றன. திருத்தம் வேறு, காலாவதி வேறு. திருத்தம் என்பது கொடுத்த பாயின்ட்டைக் காரணத்தோடு திரும்ப எடுப்பது. காலாவதி என்பது கெடு முடிந்து போவது. இரண்டையும் ஒரே எண்ணாகக் கொட்டிவிட்டால் வாடிக்கையாளர் எதையும் சோதிக்க முடியாது. இரண்டு தனி வரிகளாகக் காட்டுவதில் வங்கிக்கு ஒரு சிரமமும் இல்லை. அப்படித்தான் காட்ட வேண்டும்.

நாமே பிரித்துப் பார்ப்போம். சென்ற மாதம் 5,400 ரூபாய்க்கு வாங்கிய மிக்ஸியைத் திருப்பி அனுப்பி, பணமும் வந்துவிட்டது. அதற்குக் கொடுத்திருந்த 72 பாயின்ட்டை வங்கி எடுத்துக்கொண்டது நியாயம்தான். 386இல் 72 போக மிச்சம் 314. அப்படியானால் இவ்வளவும் காலாவதியில் போயிருக்கிறது.

போகலாமா? 24 மாதக் கெடு என்றால் 2025 ஜூன் 15 அன்று கெடு முடிவது 2023 ஜூன் 15 அன்று வரவு வைத்த பாயின்ட்டுக்கு. பழைய தாள்களைப் புரட்டினால், அந்த ஜூன் பாயின்ட்டில் 314 இந்த மாதத் தொடக்கம்வரை செலவாகாமல் இருந்தது உண்மை. வங்கியின் எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. ஆனால் நடுவில் மே 28 அன்று 2,500 பாயின்ட் செலவாகியிருக்கிறதே. பழைய அரிசியை முதலில் உலையில் போடுவது போல, பழைய பாயின்ட்தான் முதலில் கழிய வேண்டும் என்பது விதி. அந்த 314 மே 28 அன்றே வவுச்சருக்குப் போயிருக்க வேண்டும். ஜூன் 15 அன்று காலாவதியாக அங்கே மிச்சம் எதுவும் இருந்திருக்க முடியாது. சரியான இறுதி இருப்பு 4,260.

ஐந்து வரியும் அழகாகக் கூடிய ஒரு கட்டத்துக்குள் இப்படி 314 பாயின்ட் காணாமல் போக முடியும். காலாவதிப் பட்டியலை மாதத் தொடக்கத்திலேயே எடுத்துவைத்து, நடுவில் நடந்த செலவைப் பார்க்காமல் கடைசி நாளில் கழித்தால் இது நேரும். புதிய பாயின்ட்டை முதலில் கழித்தாலும் இதேதான் நேரும்.

ஒவ்வொரு மாதத்துப் பாயின்ட்டும் எங்கே போனது என்று தொடர்ந்து எழுதிவருவது எல்லோராலும் ஆகாது. அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. பழையது முதலில் கழிகிறது என்றால் கையில் மிஞ்சியிருப்பவை எப்போதும் புதியவைதான். எனவே கெடு தாண்டாத கடைசி 24 தாள்களில் ‘சேர்ந்தது’ வரியை மட்டும் கூட்டி, அந்தக் காலத்துத் திருத்தங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். காலாவதிக்கு முந்தைய இருப்பு அந்தத் தொகைக்குள் அடங்கினால் ஒரு பாயின்ட்கூடக் காலாவதியாகக் கூடாது. தாண்டினால், தாண்டிய அளவு மட்டும் காலாவதியாகலாம்.

நம் கணக்கில் 2023 ஜூலை முதல் 2025 ஜூன் வரை 24 தாள்களில் சேர்ந்தது 6,518 என்று வைத்துக்கொள்வோம். மிக்ஸிக்கான 72 போனால் 6,446. காலாவதிக்கு முந்தைய இருப்பு 4,260. நன்றாக உள்ளே அடங்குகிறது. காலாவதி என்று ஒரு பாயின்ட்டையும் கழித்திருக்கக் கூடாது.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. கெடு முடிந்த தேதி செலவான தேதிக்கு முந்தியதாக இருந்தால் வங்கி செய்தது சரியாகிவிடும். அந்த 314 மே 20 அன்றே காலாவதியாகியிருந்தால், 28ஆம் தேதி வவுச்சர் வாங்கும்போது அவை இருந்திருக்காது. பழையது முதலில் என்ற விதியே இல்லாத திட்டங்களும், கார்டை நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் மொத்தத்தையும் அழிக்கும் திட்டங்களும் இருக்கக்கூடும். அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

அதனால் வங்கிக்கு எழுதும்போது என் பாயின்ட் குறைகிறது என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. கட்டத்தின் கூட்டல் சரியாக இருக்கிறது என்று ஒரு பதில் வரும். மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: 386இல் திருத்தம் எவ்வளவு, காலாவதி எவ்வளவு? காலாவதி எந்தத் தேதியில் பதிவானது? அந்தப் பாயின்ட் எந்த மாதத்தில் வரவு வைத்தது? மே 28 வவுச்சருக்கான மின்னஞ்சலையும், பழையது முதலில் கழியும் என்ற விதிமுறைப் பக்கத்தையும் இணைத்துவிடுங்கள். எழுத்தில் புகார் தந்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in வழியாகக் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

வங்கி ஒப்புக்கொண்டு 314 பாயின்ட்டைத் திருப்பித் தந்தால், அவற்றுக்கு எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய 2023 ஜூன் தேதியோடு வந்தால் அடுத்த காலாவதிக் கணக்கில் அவை மறுபடியும் போய்விடும். முறையான திருத்தத்தில் 2023 ஜூன் பாயின்ட் வவுச்சருக்குச் செலவானதாக மாறும். அதற்குப் பதிலாகத் தவறாகச் செலவில் கழித்திருந்த பிந்தைய மாதப் பாயின்ட் திரும்பி வரும். மாதத்துக்குச் சுமார் 265 பாயின்ட் சேர்கிற இந்தக் கணக்கில், 2023 ஜூலை தொடங்கி 2,500 வரை கழித்துப் போனால் கடைசியில் நிற்பது 2024 வசந்தத்தை ஒட்டிய மாதங்களின் பாயின்ட். ஆகவே திரும்பி வரும் 314க்கு 2026இன் முற்பகுதி வரை கெடு இருக்க வேண்டும். அதை எழுத்தில் உறுதி செய்யச் சொல்லி, ஜூலைத் தாளின் நான்காவது வரியையும் பார்த்துவிட்டுப் புகாரை முடித்துக்கொள்ளலாம்.