வியாழக்கிழமைக்கு ஏழு கிலோ

எண்பது பேர் சாப்பிடும் ஆபீஸ் கேன்டீனில் அரிசியும் பருப்பும் அவ்வளவாக வீணாவதில்லை. குப்பைக்குப் போவது தக்காளி, கொத்தமல்லி, பால், தயிர். குறைவாக வாங்கினால் மதியம் மானம் போகும், கூடுதலாக வாங்கினால் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். மாஸ்டருக்கு முதல் பயம்தான் பெரிது. ரசத்தில் தக்காளி இல்லையென்றால் எண்பது பேரும் அவரைக் கேட்பார்கள். திங்கட்கிழமை காலை அழுகியதைக் கொட்டும்போது கேட்க ஆள் இருக்காது. அதனால் கண்ணளவில் சொல்லும் ஆர்டர் எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அதற்காக அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் கையில் ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும்.

அந்த எண்ணுக்குத்தான் ஹோட்டல் தொழிலில் 'பார் லெவல்' என்று பெயர். அடுத்த லோடு வரும்வரை ஒரு சரக்கு எவ்வளவு இருந்தால் போதும் என்பதே அது. ஒரு நாள் செலவை அடுத்த லோடுவரை உள்ள நாட்களால் பெருக்கி, கைகாவலுக்குக் கொஞ்சம் சேர்த்தால் பார் லெவல் வந்துவிடும். அதிலிருந்து கையிருப்பைக் கழித்தால் மிஞ்சுவது ஆர்டர். கணக்கு இவ்வளவுதான். ஆனால் ஒரு சரக்குக்கு ஒரே எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, வாரம் முழுக்க அதையே பின்பற்றுகிற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தக்காளியையே எடுத்துக்கொள்வோம். திங்கள் முதல் வியாழன் வரை எண்பது பேர். வெள்ளிக்கிழமை பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்வதால் நாற்பத்தைந்து, ஐம்பது இலைதான். சாம்பார், ரசம், மாலைச் சட்னி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 50 கிராம் என்று வைத்தால் சாதாரண நாளுக்கு 4 கிலோ, வெள்ளிக்கு இரண்டரை கிலோ, வாரத்துக்குப் பதினெட்டரை கிலோ. காய்கறிக்காரர் திங்களும் வியாழனும் காலையில் வருகிறார். மாஸ்டர் இரண்டு நாளும் 12 கிலோ போடச் சொல்கிறார். ஆக, தேவைக்கு மேல் ஐந்தரை கிலோ ஒவ்வொரு வாரமும் உள்ளே வருகிறது.

திங்கட்கிழமை வரும் தக்காளி திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாளைத் தாங்க வேண்டும். அதற்கு 12 கிலோ சரிதான், கைகாவலுக்கு ஒன்றரை கிலோ சேர்த்தாலும் தவறில்லை. மிஞ்சினால் வியாழனன்று செலவாகிவிடும். வியாழக்கிழமை கதை வேறு. வியாழன் 4, வெள்ளி இரண்டரை, ஆக ஆறரை கிலோ. அதற்குப் பின்னால் சனி, ஞாயிறு லீவு. இங்கே கைகாவல் என்று வாங்குவதெல்லாம் பூட்டிய சமையலறையில் இரண்டு நாள் கிடக்கும். அதனால் அரைக் கிலோவுக்கு மேல் சேர்க்கக் கூடாது. வியாழனுக்குப் பார் லெவல் ஏழு. புதன் மாலை எடை போட்டபோது 2 கிலோ இருந்தால், ஐந்து கிலோ போதும் என்று சொல்லிவிடலாம். பால், தயிர், கொத்தமல்லிக்கும் இதே வழிதான். லீவுக்கு முந்தைய நாளின் எண் தனியாக இருக்க வேண்டும்.

இந்த ஆளுக்கு 50 கிராம் என்பது எங்கிருந்து வந்தது? இரண்டு வாரம் எழுதிப் பார்த்தால்தான் வரும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. திங்கள் காலை 3 கிலோ இருந்தது, வாரத்தில் 24 கிலோ வாங்கியாயிற்று, வெள்ளி மாலை 5 கிலோ மிச்சம் என்றால் செலவு 22 கிலோ என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த வாரம் அழுகியது என்று மூன்றரை கிலோவை வெளியே கொட்டியிருக்கிறார்கள். அதையும் கழித்தால்தான் சமைத்தது பதினெட்டரை என்ற உண்மை தெரியும். கொட்டியதைச் செலவில் சேர்த்துப் பார் லெவல் போட்டால், கொட்டுவதற்கும் சேர்த்தே வாரா வாரம் வாங்குவீர்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒரு மணிக்கே சாம்பார் தீர்ந்துபோன நாளில் செலவு குறைவாகத் தெரியும், தேவை குறைவாக இருந்ததாக அர்த்தமில்லை. அந்த நாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ஆகவே கொட்டுவதற்கென்று ஒரு நோட்டு வேண்டும். தேதி, சரக்கு, எடை, காரணம் என்று நாலு கட்டம் போதும். காரணம்தான் முக்கியம். நாலு பாக்கெட் பால் திரிந்தது என்று மட்டும் எழுதினால், அதிகம் வாங்கிவிட்டோம் என்று நினைத்து ஆர்டரைக் குறைப்பார்கள். உண்மையில் ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்திருக்கலாம். அல்லது இண்டு இடுக்கில்லாமல் திணித்து வைத்ததால் குளிர்காற்று சுற்றாமல் நடுவில் இருந்த பாக்கெட் சூடாகவே இருந்திருக்கலாம். ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும், 5 டிகிரிக்குமேல் காட்டக் கூடாது.

இருப்பு எடுப்பது காய்கறிக்கு லோடு வருவதற்கு முந்தைய மாலை, அடுப்பு அணைத்த பிறகு. பால் தினமும் வருவதால் தினமும் எண்ண வேண்டும். மளிகைக்கு வாரம் ஒருமுறை போதும். ரேக்கில் சாமான் இருக்கும் வரிசையிலேயே தாளிலும் பெயர்கள் இருந்தால் அங்குமிங்கும் ஓட வேண்டியதில்லை, எதுவும் விட்டுப்போகாது. போன தடவை எண் அந்தத் தாளில் இருக்கக் கூடாது. இருந்தால் எண்ணுகிறவர் அதைப் பார்த்தே ஒப்பேற்றிவிடுவார். கொத்தமல்லியைக் கட்டுக் கணக்கில் எழுதினால் பயனில்லை, மழைக்காலத்துக் கட்டும் வெயில்காலத்துக் கட்டும் ஒன்றல்ல. தராசில் போடுங்கள்.

எண்ணும்போதே தக்காளியைத் தொட்டுப் பிரித்துவிட வேண்டும். கெட்டியானது மட்டும்தான் கையிருப்பு. கனிந்தது தனி டிரேயில், மறுநாள் முதல் சமையலுக்கு. வெள்ளி மாலை கனிந்தது மிஞ்சினால் எண்ணெய், உப்பு, புளி சேர்த்துத் தொக்காகச் சுண்டவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் திங்கட்கிழமை இட்லிக்கு ஆகும். புது லோடு வரும்போது பழையதன் மேல் கொட்டுவதுதான் பல சமையலறைகளில் வழக்கம். அடியில் நசுங்கி உடைந்த ஒரு பழம் சுற்றியிருப்பதையும் கெடுத்துவிடும். பழையதை எடுத்துவிட்டு, புதியதைக் கொட்டி, அதன் மேல் பழையதை வைக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

பார் லெவலால் ஆகாத காரியமும் உண்டு. வடித்த சோறு மிஞ்சுவதை அது தடுக்காது. அதற்கு, இன்று எத்தனை பேர் என்று காலை பத்து மணிக்குள் ஆபீஸிலிருந்து சொல்லியாக வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெளியிலேயே கிடந்த சோற்றில் சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. மதியச் சோற்றை மாலைவரை சட்டியிலேயே வைத்திருந்துவிட்டு எலுமிச்சை சாதமாக்கி மிச்சம் பிடிப்பது சாமர்த்தியம் அல்ல.

உங்கள் ஆபீஸில் இப்படியொரு கேன்டீன் இருந்தால் எல்லாச் சாமானுக்கும் தாள் போட்டு மாஸ்டரை மிரட்ட வேண்டாம். தக்காளி, கொத்தமல்லி, பால், தயிர் இந்த நான்குக்கு மட்டும் இரண்டு வாரம் எழுதச் சொல்லுங்கள். வியாழக்கிழமை ஆர்டரை முதலில் குறையுங்கள். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை சட்னியில் தக்காளி கொஞ்சம் குறைந்தால், அவரைத் திட்டாமல் சாப்பிடுங்கள்.