இனிஷியலில் சிக்கும் பி.எஃப். பணம்

சம்பள ரசீதில் மாதாமாதம் பி.எஃப். பிடித்தம் தெரிகிறது. அந்தப் பணம் போய்ச் சேரும் கணக்கைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. வேலையை விட்டபின் பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போதுதான், பெயர் ஒத்துவரவில்லை என்று திரும்பி வருகிறது. நம் ஊரில் அதற்கு அடிக்கடி காரணமாவது இனிஷியல்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் மு. கவிதா, ஆதாரில் கவிதா முருகேசன், வங்கியில் கவிதா எம். ஊரில் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் பி.எஃப். பதிவு ஆதாரை ஒட்டியே நடக்கிறது. எனவே சேருவதற்கு முன்பே வங்கிப் பெயரை ஆதாரில் உள்ளபடி மாற்றிக்கொள்வது நல்லது. ஆதாரோடு இணைத்த செல்போன் எண்ணும் கையில் இருக்கும் எண்ணாக இருக்க வேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

சேரும் நாளில் தரப்படும் படிவம் 11, முன்பு பி.எஃப். இருந்ததா என்று கேட்கும். இருந்தால் பழைய 12 இலக்க யு.ஏ.என். எண்ணையே எழுதுங்கள். மறைத்துப் புது எண் வாங்கினால் பணிக்காலம் இரண்டாகப் பிரியும். மாத ஓய்வூதியம் கிடைக்கப் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும் என்பதால், இந்தப் பிரிவினை பின்னால் வலிக்கும்.

முதல் வேலை என்றால், 2025 ஆகஸ்ட் முதல் உமங் செயலியில் முகத்தைக் காட்டி எண்ணைப் பெறுவது கட்டாயமாகிவிட்டது. `UAN Allotment and Activation` பகுதியில் ஆதார் எண், ஓ.டி.பி. கொடுத்தபின் கேமரா முகத்தைச் சரிபார்க்கும். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலிருந்தே வருவதால் எழுத்துப் பிழைக்கு இடமில்லை. எண் குறுஞ்செய்தியில் வரும், கணக்கும் அப்போதே செயல்பாட்டுக்கு வந்துவிடும்.

பழைய எண்ணில் பெயர் தவறா? 2017 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் கொடுத்த எண்ணாக இருந்து, ஆதாரும் சரிபார்க்கப்பட்டிருந்தால், உறுப்பினர் தளத்தில் நீங்களே திருத்தலாம். அதற்கு முந்தைய எண் என்றால் கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும்.

கணக்கு திறந்ததும் பாஸ்புக்கைப் பாருங்கள். கவிதாவின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 ரூபாய் என்றால், அவர் பங்கு 12 சதவீதம், அதாவது 1,680. கம்பெனியும் அதே 1,680 கட்டுகிறது. ஆனால் அதில் 1,166 ஓய்வூதியத்துக்குப் போய்விடும், பி.எஃப். கணக்கில் சேருவது 514 மட்டுமே. கம்பெனி பங்கு குறைகிறதே என்று பதற வேண்டாம், பாஸ்புக்கில் ஓய்வூதியத்துக்கான நெடுவரிசையையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

ஒரு மாதத்துப் பிடித்தத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கம்பெனி கட்டியாக வேண்டும். ரசீதில் பிடித்தம் இருந்து, அந்தத் தேதி கடந்து நாளாகியும் பாஸ்புக்கில் வரவு இல்லையென்றால், ரசீதை எடுத்துக்கொண்டு எச்.ஆரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் `epfigms.gov.in` தளத்தில் புகார் பதியுங்கள். வேலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். வெளியே வந்தபின் அதே கம்பெனியில் கையெழுத்து வாங்குவது கடினம்.