மேற்குச் சுவரின் சூட்டைக் குறைக்கும் உட்பூச்சு

மீள்குடியேறிய பல குடும்பங்கள் சீமெந்துக் கல்லால் கட்டிய வீடுகளில் வாழ்கின்றன. பிற்பகல் வெயிலைக் குடித்த மேற்குச் சுவர், பொழுதுபட்ட பின்னர் அந்தச் சூட்டை அறைக்குள் விடுகிறது. வயலால் வந்து படுப்பவருக்கு உறக்கம் வருவதில்லை. இச்சுவரின் உட்புறத்தில் பூசக்கூடிய பாரமற்ற ஒரு பூச்சைப் பற்றி இங்கு பார்ப்போம்.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று அறியவேண்டும். இரவு ஏழு மணியளவில் மேற்குச் சுவரிலும் உள்ளே இருக்கும் மற்றொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேற்குச் சுவர் தெளிவாகச் சுட்டால் இப்பூச்சு உதவும். இரண்டும் ஒரேயளவாக இருந்து, நடுப்பகலிலேயே தலைக்கு மேல் அனல் அடித்தால் குற்றம் கூரையில்தான் இருக்கிறது. சுவருக்குச் செலவழிப்பது அப்போது வீண். சுவருக்கு வெளியே இடமிருந்தால் ஓலைப்பத்தி இறக்கி நிழல் செய்வதே மலிவானது. வெளியே இடமில்லாதவர்களுக்கே உட்பூச்சு. தகரம், தறப்பாள் ஆகியவற்றால் அடைத்த கொட்டிலில் இது பிடிக்காது.

மணற்சாந்து சூட்டை எளிதாகக் கடத்தும். மணலுக்குப் பதிலாகக் காற்றை அடைத்து வைத்திருக்கும் மணிகளைச் சேர்த்தால் சூடு தயங்கித்தான் நகரும். இதற்கு இரண்டு பொருட்கள் உண்டு. ஒன்று பேர்லைட். எரிமலைக் கண்ணாடிக் கல்லைச் சூடாக்கிப் பொரியைப்போல் பொரியவைத்த வெள்ளை மணி இது, நாற்றுமேடைக்கும் பாவிப்பார்கள். இது எரியாது, ஆனால் தண்ணீரை உறிஞ்சும். அதிகம் குழைத்தால் நொறுங்கும். மற்றது ரெஜிபோம் மணி. சாமான் பெட்டிகளில் வரும் ரெஜிபோமை அரிசி மணியளவில் உதிர்த்தும் எடுக்கலாம். சூட்டைத் தடுப்பதில் இதுவே கூடியது. ஆனால் நெருப்புக்கு ஆகாது.

ஓர் அறையைக் கணக்கிடுவோம். மேற்குச் சுவர் 12 அடி நீளம், 9 அடி உயரம். அதாவது ஏறக்குறைய 10 சதுர மீற்றர். 30 மில்லிமீற்றர் தடிப்புக்கு 300 லீற்றர் ரெஜிபோம் மணி வேண்டும். 20 லீற்றர் வாளியால் 15 வாளி. சீமெந்து இரண்டரை வாளி, அதாவது ஒன்றரைப் பை. ஆறு பங்கு மணிக்கு ஒரு பங்கு சீமெந்து என்பதே கணக்கு. ஆறு அங்குலக் கல்லாலான சுவரில் இந்தத் தடிப்பு, உள்ளே வரும் சூட்டைக் கணிசமாகக் குறைக்கும்.

பழைய பெயின்றையும் பொருக்கையும் சுரண்டிவிட்டு, சுவரை நனைத்து, சீமெந்தும் பருமணலும் கலந்த நீர்த்த சாந்தை விசிறி எறியுங்கள். அது இறுகிச் சொரசொரப்பாகும். பூச்சு அதைப் பற்றிக்கொள்ளும்.

குழைக்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். மணி தண்ணீரில் மிதக்கும். சீமெந்து அடியில் தங்கிவிடும். ஆகவே மூன்று வாளி மணியைக் கொட்டி, மரவேலைக்குரிய வெள்ளைப் பசை ஒரு கோப்பையை மூன்று லீற்றர் தண்ணீரில் கரைத்து அதன்மேல் ஊற்றிப் புரட்டுங்கள். எல்லா மணியும் நனைந்த பின் அரை வாளி சீமெந்தைத் தூவுங்கள். ஒவ்வொரு மணியும் சாம்பல் நிறமாகும்வரை புரட்டி, மேலும் மூன்று லீற்றரளவு தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். கையில் பிடித்து நெரித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், தண்ணீர் கசியக்கூடாது. வெள்ளை மணி தெரிந்தால் இன்னும் புரட்டவேண்டும்.

ஒரே தடவையில் 30 மில்லிமீற்றர் பூசினால் பாரத்தால் வழுகும். முதல் நாள் பாதித் தடிப்பைப் பூசி, மேற்பரப்பைக் கீறிவிட்டு, மறுநாள் மீதியைப் பூசுங்கள். மூன்று நாட்கள் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்து, சாந்துக்கென விற்கும் கண்ணாடியிழை வலையை அழுத்தி வைத்து, சாதாரண மணற்சாந்தை 5 மில்லிமீற்றருக்குக் குறையாமல் மேலே பூசவேண்டும். இந்தத் தோல் இல்லாவிட்டால் குழந்தைகளின் கைபட்டே மணி உதிரும். நெருப்புப் பட்டால் ரெஜிபோம் உருகிக் கரும்புகை விடும். தோல் இருந்தாலும் அடுப்புச் சுவரில் ரெஜிபோம் வேண்டாம்.

காய்ந்த பின் விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடம் சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது. அதை வெட்டி மீண்டும் பூசவேண்டும். குழைத்த சாந்தில் ஒரு லீற்றர் பேணியை நிரப்பி வைத்து, நன்றாகக் காய்ந்ததும் நிறுத்தால் 300 முதல் 400 கிராம்வரை இருக்கலாம். அதற்கு மேல் கனத்தால் சீமெந்து கூடிவிட்டது. பூச்சு உறுதியாக இருக்கும், சூட்டைத் தடுக்காது.

மழைநீர் கசியும் சுவரை முதலில் வெளியே திருத்துங்கள். உள்ளே மூடினால் ஈரம் பூச்சின் பின்னால் தங்கி அதைக் கழற்றிவிடும். இப்பூச்சில் ஆணி நிற்காது. தட்டு அடிக்க நினைக்கும் இடத்தில் முன்பே மரக்கட்டையைக் கல்லில் இறுக்கிவிட்டுப் பூசுங்கள். சிந்திய ரெஜிபோம் மணிகளைக் கூட்டி அள்ளிவிடுங்கள். காற்றோடு போனால் அவை வாய்க்காலிலும் வயலிலும் கிடக்கும், உக்காது.