அலுமினியத் தூளின் வயது

1918-ல் பால் ராபே, கார்ல் கிண்ட்லர் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். குயினோடாக்சின் என்ற பொருளிலிருந்து மூன்றே படிகளில் மலேரியா மருந்தான குயினைனைப் பெற்றுவிட்டதாக அதில் சொன்னார்கள். கடைசிப் படியில் அலுமினியத் தூளைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆனால் எப்படிச் செய்தார்கள் என்ற விவரம் அதில் மிகவும் குறைவு.

1944-ல் அமெரிக்காவின் ராபர்ட் வுட்வர்டும் வில்லியம் டோரிங்கும் குயினோடாக்சின் வரை தொகுத்து முடித்தார்கள். மீதி வழியை ராபே முன்பே காட்டிவிட்டார் என்று அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். ஆய்வகத்தில் குயினைன் செய்தாகிவிட்டது என்று உலகம் கொண்டாடியது. 2001-ல் கில்பர்ட் ஸ்டார்க் வேறொரு வழியில் குயினைனைத் தொகுத்தார். அந்த 1918 படி உண்மையிலேயே நடக்கக்கூடியதுதானா என்ற ஐயத்தையும் அவர் வெளிப்படையாகவே எழுப்பினார். 2008-ல்தான் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆரன் ஸ்மித்தும் ராபர்ட் வில்லியம்ஸும் அதைச் செய்து பார்த்து விடை சொன்னார்கள். புதிய அலுமினியத் தூளில் விளைச்சல் மோசமாக இருந்தது. காற்று பட்டு மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்த தூளைப் போட்டதும் குயினைன் கிடைத்தது. ராபே பொய் சொல்லவில்லை. தூளின் நிலையை எழுதவில்லை, அவ்வளவுதான்.

முனைவர் பட்டத்துக்காகப் பல படித் தொகுப்பு செய்யும் மாணவர், ஆய்வேட்டில் செய்முறைப் பகுதியை எழுத உட்காரும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் அந்தப் பகுதியைக் கடைசியாக, அலுப்போடு எழுதுகிறார்கள். ஆனால் ஆய்வேட்டின் மற்ற அத்தியாயங்கள் பழசாகிப் போன பிறகும், அதே ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர் தேடி எடுத்துப் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

எதை எழுதுவது, எதை விடுவது என்பதைப் பேசுவதற்குக் கல்லூரி ஆய்வகங்களுக்கு நன்கு பழக்கமான பென்சோகெயின் போதும். பல்வலிக் களிம்புகளில் உணர்வை மரக்கச் செய்யும் பொருள் இது. பாரா-டொலுயிடினில் தொடங்கி நான்கு படிகளில் இதைச் செய்யலாம். முதலில் அசெட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டு அமீன் தொகுதியைப் பாதுகாக்க வேண்டும். அடுத்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொண்டு மெத்தில் தொகுதியை அமிலத் தொகுதியாக்க வேண்டும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துப் பாதுகாப்பை நீக்கினால் பாரா-அமினோபென்சாயிக் அமிலம் கிடைக்கும். கடைசியாக அதை எத்தனாலோடு சேர்த்து எஸ்டராக்க வேண்டும்.

அந்த நான்காம் படியைப் பல மாணவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள்: “அமிலத்தை எத்தனாலில் கரைத்து, சில துளி கந்தக அமிலம் சேர்த்து, ரிஃப்ளக்ஸ் செய்து, நடுநிலையாக்கி வடிகட்டியதில் பென்சோகெயின் 65% கிடைத்தது.” இதில் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு செய்பவருக்கு 65% கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

எத்தனாலையே எடுத்துக்கொள்வோம். இந்த வினை முன்னும் பின்னும் நடக்கக்கூடிய ஒரு சமநிலை வினை. எஸ்டர் உருவாகும்போது நீரும் உருவாகிறது. நீர் கூடினால் எஸ்டர் பின்னோக்கி அமிலமாகிறது. நீர் நீக்கிய தனி எத்தனாலா, சுமார் 5% நீர் உள்ள சாதாரண எத்தனாலா என்று குறிப்பிடாவிட்டால் விளைச்சலை ஒப்பிடவே முடியாது. “சில துளி” என்பதும் இங்கே ஆபத்தானது. பாரா-அமினோபென்சாயிக் அமிலத்தில் அமீன் தொகுதி இருப்பதால், போடும் கந்தக அமிலத்தில் ஒரு பங்கை அதுவே பிடித்துக்கொள்ளும். வினையை ஊக்குவிக்க அதற்கு மேலும் அமிலம் மிஞ்ச வேண்டும். அதனால் கந்தக அமிலத்தின் அளவு ஒரு எண்ணாக இருந்தே தீர வேண்டும்.

அதே படியைக் கவனமாக எழுதினால் இப்படி வரும்:

“பாரா-அமினோபென்சாயிக் அமிலம் (1.37 கிராம், 10.0 மில்லிமோல்) 50 மில்லிலிட்டர் உருண்டைக் குடுவையில் தனி எத்தனாலில் (12 மில்லிலிட்டர்) கரைக்கப்பட்டது. குடுவை பனிக்கட்டியில் வைக்கப்பட்டு, அடர் கந்தக அமிலம் (1.0 மில்லிலிட்டர், சுமார் 18 மில்லிமோல்) துளித்துளியாகச் சேர்க்கப்பட்டது. அப்போது அடர்த்தியான வெண்ணிற வீழ்படிவு தோன்றியது. சூடாக்கியபோது அது கரைந்தது. கரைசல் 2 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்யப்பட்டு, அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்த பின் 30 கிராம் பனிக்கட்டி இருந்த 250 மில்லிலிட்டர் பீக்கரில் ஊற்றப்பட்டது. pH 8 ஆகும் வரை 10% சோடியம் கார்பனேட் கரைசல் சிறிது சிறிதாகச் சேர்க்கப்பட்டது (சுமார் 20 மில்லிலிட்டர்; நுரை பொங்கியது). படிந்த திண்மம் வடிகட்டப்பட்டு, குளிர்ந்த நீரில் கழுவப்பட்டு உலர்த்தப்பட்டது. பென்சோகெயின் வெண்ணிறப் படிகங்களாகக் கிடைத்தது (1.07 கிராம், 6.5 மில்லிமோல், 65%). உருகுநிலை 88–90 °C.”

இதில் மிக மதிப்புள்ள வாக்கியம் வீழ்படிவைப் பற்றியது. அமிலம் சேர்த்தவுடன் குடுவை முழுக்க வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். முதன்முறை செய்பவர் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பதறிப்போய் அதை வடிகட்டி எடுத்துவிடவும் கூடும். அது அமீனின் சல்ஃபேட் உப்புதான், சூடாக்கினால் கரைந்துவிடும். இந்தத் தகவல் எந்தச் சமன்பாட்டிலும் வராது. ஆய்வகக் குறிப்பேட்டில் அப்போதே எழுதிவைத்தவருக்கு மட்டுமே நினைவிருக்கும்.

அடுத்த முக்கியமான இடம் pH 8. கரைசல் வலுவான அமிலமாக இருக்கும்வரை பென்சோகெயின் உப்பு வடிவத்தில் நீரில் கரைந்தே இருக்கும். நுரை அடங்கிவிட்டது என்று நம்பி பாதியில் நிறுத்தியவருக்கு விளைச்சல் 20 சதவீதத்துக்குக்கூட இறங்கலாம். வினை ஓடவில்லை என்றும் அவர் நினைத்துக்கொள்வார். வடிநீரில் இன்னும் கொஞ்சம் கார்பனேட் விட்டுப் பார்த்தால் போதும், வெள்ளை மீண்டும் படிந்தால் வினையில் குறையில்லை. pH 8-ல் இன்னொரு லாபமும் உண்டு. வினைபுரியாத அமிலம் உப்பாகி நீரோடு போய்விடுவதால் எஸ்டர் தனியே பிரிகிறது. “நடுநிலையாக்கப்பட்டது” என்ற ஒற்றைச் சொல்லில் இந்த இரண்டுமே மறைந்துபோகும்.

பீக்கரின் கொள்ளளவைக்கூட எழுத வேண்டுமா என்று கேட்கலாம். இங்கே நுரை பொங்குவதால் அது தேவைப்படுகிறது. வெறுமனே கரைத்து வடிகட்டும் வேறொரு படியில் அதே விவரம் வெறும் நிரப்பல். கலக்கியின் சுழல்வேகம், கண்ணாடிக் குடுவையின் தயாரிப்பாளர் பெயர் போன்றவை இந்த எஸ்டராக்கத்தில் எதையும் மாற்றுவதில்லை. திண்மத் தூளும் திரவமும் வினைபுரியும் படியில் கலக்கும் வேகம் மாற்றக்கூடும். எது மாற்றும், எது மாற்றாது என்பது பெரும்பாலும் தோற்றுப்போன முயற்சிகளிலிருந்தே தெரியவரும். இதழ்க் கட்டுரையில் அவற்றுக்கு இடம் கிடைக்காது. ஆய்வேட்டில் பக்கக் கட்டுப்பாடு குறைவு என்பதால், சரிவராத நிபந்தனைகளை ஒரு சிறு அட்டவணையாகப் போட்டுவிடுவதுதான் சரி.

இனி காலத்துக்கு வருவோம். மேலே உள்ள செய்முறையில் வினைச்சொற்கள் எல்லாம் இறந்தகாலத்தில் இருக்கின்றன: கரைக்கப்பட்டது, சேர்க்கப்பட்டது, கிடைத்தது. ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தாலும் இதே வழக்கம்தான். காரணம் எளிது: அது ஒரு நாள், ஒரு குடுவையில் நடந்ததன் பதிவு. “1.07 கிராம் கிடைத்தது” என்பது ஒரு சாட்சியம், “1.07 கிராம் கிடைக்கும்” என்றால் அது வாக்குறுதியாகிவிடும். ஒரே ஒருமுறை செய்தவர் வாக்குறுதி கொடுக்க முடியாது.

கொடுக்கக்கூடியவர்களும் இருக்கிறார்கள். 1921 முதல் வெளிவரும் ‘ஆர்கானிக் சிந்தசிஸ்’ தொடரில் ஒவ்வொரு செய்முறையையும் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஒருவரின் ஆய்வகத்தில் மறுபடி செய்து சரிபார்த்த பிறகே அச்சிடுகிறார்கள். அங்கே செய்முறை நிகழ்காலத்தில் எழுதப்படுவது வழக்கம்: குடுவையில் இடப்படுகிறது, சேர்க்கப்படுகிறது. இன்னொருவர் செய்து பார்த்த பிறகு பொதுச் செய்முறையாக நிற்கும் தகுதி அதற்கு வந்துவிடுகிறது. மாணவர் அந்த நடையைப் படித்துப் பழகி, தம் ஆய்வேட்டிலும் கலந்துவிடுவது அடிக்கடி நடக்கும். ஆய்வகக் கையேட்டிலிருந்து “சேர்க்கவும்” என்ற ஏவலும், ஆய்வுத் திட்டத்திலிருந்து “தூய்மையாக்கப்படும்” என்ற எதிர்காலமும் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். தேர்வாளருக்கு அங்கேதான் சந்தேகம் எழும்: இந்தப் படியை இவர் செய்தாரா, செய்யப்போகிறாரா?

ஆனாலும் அத்தியாயம் முழுவதையும் இறந்தகாலத்தில் தள்ளிவிடக் கூடாது. “pH 8-ல் திண்மம் படிந்தது, ஏனெனில் பென்சோகெயின் நீரில் மிகக் குறைவாகவே கரைகிறது” என்ற வாக்கியத்தில் முதல் பாதி நடந்தது, இரண்டாம் பாதி எப்போதும் உண்மையாக இருப்பது. “கரைந்தது” என்று எழுதினால் அந்த ஒரு நாள் மட்டும் அப்படி இருந்ததுபோல் ஆகும். “படம் 3.2 காட்டுகிறது” என்பதும் நிகழ்காலம்தான், படம் இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

பல படித் தொகுப்புக்கே உரிய இன்னொரு சிக்கல் விளைச்சல் கணக்கு. நான்கு படிகளின் விளைச்சல் முறையே 90, 60, 80, 65% என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் மொத்தம் சுமார் 28%. இரண்டாம் படியில் கிடைத்த திண்மத்தை உலர்த்தாமல் ஈரத்தோடு மூன்றாம் படிக்கு எடுத்துச் சென்றிருந்தால், அந்த 60 என்ற எண்ணுக்கு அடிப்படையே இல்லை. எடையில் நீரும் சேர்ந்திருக்கும். அப்போது “இரண்டு படிகளுக்குச் சேர்த்து 48%” என்று எழுதுவதே நேர்மை. அடுத்தவருக்கும் அது உதவும், ஏனென்றால் உலர்த்தத் தேவையில்லை என்ற செய்தியும் அதில் அடங்கியிருக்கிறது.

அந்த இரண்டாம் படியில் மாணவர்கள் எழுத மறக்கும் பொருள் மெக்னீசியம் சல்ஃபேட். பெர்மாங்கனேட் வினையின்போது கரைசலில் காரம் கூடிக்கொண்டே போகும். அது பாதுகாப்புக்காகச் சேர்த்த அசெட்டைல் தொகுதியையே பிய்த்துவிடக்கூடும். மெக்னீசியம் சல்ஃபேட் அந்தக் காரத்தைக் கட்டுப்படுத்துகிறது. வினைச் சமன்பாட்டில் அதற்கு இடமில்லாததால் செய்முறையிலும் விட்டுப்போகிறது. முடிவில் மிஞ்சும் பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் போகச் சிறிது எத்தனால் விட்டதும், பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடைச் சூடாக இருக்கும்போதே வடிகட்டியதும் அப்படியே விடுபடும். ஆறவிட்டு வடிகட்டினால் விளைபொருளின் ஒரு பகுதி அந்தப் பழுப்புச் சேற்றோடு தாளில் தங்கிவிடும்.

கடைசியில் வரும் நிறமாலைத் தரவுகளில் வினைச்சொல்லே இருக்காது. எண்கள் மட்டும் வரிசையாக வரும். அங்கும் கருவியின் அதிர்வெண்ணும் கரைப்பானும் இல்லாமல் அந்த எண்களை யாரும் ஒப்பிட முடியாது. பென்சோகெயினின் புரோட்டான் என்.எம்.ஆர். தரவில் 2, 2, 2, 2, 3 என்று ஹைட்ரஜன்களைக் கூட்டினால் 11 வர வேண்டும், மூலக்கூறிலும் 11தான். இந்தக் கூட்டலைச் செய்து பார்க்க அரை நிமிடம் போதும். 13 வந்தால் குடுவையில் வேறெதுவோ மிச்சம் இருக்கிறது, அல்லது வேறொரு சேர்மத்தின் வரிகள் இங்கே ஒட்டப்பட்டிருக்கின்றன.